6,000 சொன்னால் 3,500 கேட்கிறார்கள்: ஆரி பிளவுஸ் பேரத்துக்கு எந்தப் பதில் சரி?

"டிசைன் சூப்பர். ஆனா 6,000 ரொம்ப ஜாஸ்தி. 3,500க்கு முடிச்சுக் குடுங்க, இன்னிக்கே ஜிபே பண்றேன்."

வீட்டிலிருந்து ஆரி வேலை எடுத்துச் செய்பவர்களின் வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு தடவையாவது இந்த மாதிரி ஒரு செய்தி வந்து உட்காரும். பத்து சதவீதம் கேட்டால் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம். நாற்பது சதவீதத்துக்கு மேல் கேட்கும்போதுதான் விரல் தடுமாறுகிறது. கோபமாக ஒரு வரி போட்டால் ஆர்டர் போய்விடும், சரி என்றால் கைக்காசு போய்விடும். பதில் போடாமல் விட்டால் இரண்டும் மெதுவாகப் போகும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் அனுப்பும் பதில்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். எந்தப் பதில் யாருக்குப் பொருந்தும், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் செலவு என்ன என்பதை ஒரே ஆர்டரை வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும். இந்தப் பதிலை அனுப்பிய பிறகு கையில் எவ்வளவு நிற்கும்? அந்த அம்மா திரும்பிப் பதில் போடுவாரா, இல்லை பேச்சு அங்கேயே நின்றுவிடுமா? நாளைக்கு அவருடைய ஓரகத்தி அதே வேலையைக் கேட்டு வந்தால், நாம் சொன்ன விலை விலையாக நிற்குமா? கடைசியாக, கேட்டவரும் சொன்னவரும் முகம் சுளிக்காமல் இருக்க முடியுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கல்யாண பிளவுஸ் ஆர்டர் தனியாக வருவதில்லை. ஒரு வீட்டில் ஒருவர் தைத்தால் அம்மா, சித்தி, அண்ணி என்று நான்கு பேர் விசாரிப்பார்கள். விசாரிக்கும்போது முதலில் கேட்பது "உனக்கு எவ்வளவுக்குப் பண்ணாங்க?" என்பதுதான். நீங்கள் அனுப்பும் பதில் ஸ்கிரீன்ஷாட்டாகக் குடும்ப குரூப்புக்குப் போகும் என்று நினைத்தே எழுதுங்கள்.

## முதலில் நம் கணக்கு

பதில் எழுதும் முன் நோட்டில் கணக்கு இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு ஆர்டர்: மாப்பிள்ளையின் அக்கா, நாத்தனார் முடிச்சுப் போடப் போகிறவர். பட்டுப் புடவையோடு வந்த பிளவுஸ் துணியில் பின்கழுத்து முழு வேலை, முன்கழுத்தில் இரண்டு வரிசை, இரண்டு கையிலும் பார்டரும் மேலே புட்டாவும். தையலும் நம்முடையது.

வேலை நேரம் 28 மணி. பின்கழுத்து 9, முன்கழுத்து 3, கை ஒன்றுக்கு 8 வீதம் 16. மணிக்கு 90 ரூபாய் கூலி என்றால் 2,520. நூல், ஜரி, சுகர் பீட்ஸ், ஜர்தோசி, குந்தன் கல் எல்லாம் சேர்த்து 750. டிசைன் வரைந்து துணியில் அச்செடுக்க 150. லைனிங்கோடு தையல் 700. பேக்கிங், கூரியர் 130. மொத்தம் 4,250. சொன்ன விலை 6,000. மிச்சம் 1,750. ஊசி உடைவது, ஒரு பூ சரியாக வராமல் பிரித்துப் போடுவது, வாட்ஸ்அப்பில் பேசும் நேரம், நம் லாபம் எல்லாம் இதற்குள்தான். கூலியும் சாமான் விலையும் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை நீங்களே உட்கார்ந்து செய்தாலும் அந்த 2,520ஐ எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் கணக்கில் 4,270 லாபம் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பலர் 3,500க்கு ஒத்துக்கொள்கிறார்கள். கூலியைச் சேர்த்துப் பார்த்தால் 3,500க்குச் செய்வது 750 ரூபாய் கைநஷ்டம்.

இன்னொன்றும் கவனியுங்கள். "பத்து பர்சன்ட்தானே" என்று 600 ரூபாய் விட்டால், அது போவது 6,000லிருந்து அல்ல, 1,750லிருந்து. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி.

## வழி 1: விலை இதுதான் என்று சொல்வது

> வணக்கம் அக்கா. டிசைன் பிடிச்சதுல சந்தோஷம். இந்த வேலைக்கு விலை 6,000தான்க்கா, இதுல குறைக்க முடியாது. முழுக்கக் கைவேலை, 28 மணி நேரம் பிடிக்கும். இந்த வெள்ளிக்குள்ள முன்பணம் 3,000 வந்தா, முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க கைக்கு வந்துடும்.

இதில் மன்னிப்பு இல்லை, குத்தலும் இல்லை. கடைசி வரி அடுத்து அவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அந்த வரி இல்லாமல் "குறைக்க முடியாது" என்று முடித்தால் கதவைச் சாத்திய மாதிரி ஆகிவிடும்.

"சாரிக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, எங்களுக்கே கட்டுப்படியாகல" என்று ஆரம்பிக்காதீர்கள். கெஞ்சும் குரல் கேட்டால் பேரம் இன்னும் நீளும். அதேபோல "கைவேலையோட அருமை தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்" என்பதும் வேண்டாம். அது அவரை அருமை தெரியாதவர் என்று சொல்வதாகும். அந்த ஸ்கிரீன்ஷாட்தான் குரூப்பில் ஓடும்.

தை, மாசி, வைகாசி, ஆவணி மாதிரிக் கல்யாண மாதங்களில், கையில் ஏற்கெனவே ஆர்டர் நிரம்பியிருந்தால் இதுதான் சரியான பதில். அந்த 28 மணி நேரத்துக்கு வேறொருவர் முழு விலை தரக் காத்திருக்கிறார். வேலை இல்லாத மாதத்தில் இதை அனுப்பினால் பாதிப் பேர் "ஓகே சொல்றேன்" என்று போட்டுவிட்டுக் காணாமல் போவார்கள். பேரம் பேசுவது பலருக்குப் பழக்கம்தான், ஒன்றும் குறைக்காமல் வாங்கினால் ஏமாந்த மாதிரி இருக்கும். அவர்களுக்கு வெறும் "இல்லை" போதாது.

## வழி 2: கேட்டதைக் கொடுப்பது, அல்லது நடுவில் சந்திப்பது

6,000க்கும் 3,500க்கும் நடுவே 4,750. "சரி, உங்களுக்காக 4,750" என்று முடித்தால் மிச்சம் 500 ரூபாய். 28 மணி நேர வேலையில் ஒரு பூவைப் பிரித்துத் திரும்பப் போட்டால் அதுவும் போச்சு.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஒரே செய்தியில் 1,250 இறங்கினால், முதலில் சொன்ன 6,000 வாய்க்கு வந்த விலை என்று அவர் முடிவுகட்டுவார். அடுத்த தடவை 4,750லிருந்துதான் பேச்சு தொடங்கும். அவர் அனுப்பும் ஓரகத்தியும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

இதில் இன்னும் மோசமான ஒரு வகை உண்டு. வாயால் 3,500க்குச் சரி என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சொல்லாமல் வேலையில் கைவைப்பது. கல்லைத் தைக்காமல் பசை போட்டு ஒட்டுவது, மட்டமான ஜரி போடுவது, சங்கிலித் தையலை முடிக்கும் இடத்தில் முடிச்சைச் சரியாகப் பூட்டாமல் அடுத்த பூவுக்குத் தாவுவது. ஆரியின் சங்கிலித் தையல் ஒரே நூலில் ஓடுவது. கடைசிக் கண்ணி பூட்டப்படாவிட்டால் ஒரு வளையல் மாட்டி இழுத்தாலே கடகடவென்று பிரிந்து வரும், அதில் கோத்த மணியும் சேர்ந்து கொட்டும். ஒட்டிய கல் டிரை வாஷில் விழும். மட்டமான ஜரி வியர்வை பட்டுக் கறுக்கும். அப்போது யாரும் "3,500க்கு இதுதான் வரும்" என்று சொல்ல மாட்டார்கள், உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

நேரடித் தள்ளுபடி பொருந்தும் இடம் ஒன்று உண்டு: ஏற்கெனவே செய்து முடித்து மாட்டி வைத்த சாம்பிள் பிளவுஸ். அதில் கூலி எல்லாம் போட்டாயிற்று, அளவுக்கு ஒத்த ஆள் கிடைப்பதே கஷ்டம். அங்கே 1,500 இறங்கினாலும் தப்பில்லை. "இது ரெடிமேட் பீஸ், அதனால இந்த விலை" என்று காரணத்தை மட்டும் எழுதிவிடுங்கள்.

சிலர் முதலிலேயே 7,500 என்று ஏற்றிச் சொல்லி, பேரத்தில் 6,000க்கு இறங்கலாம் என்பார்கள். கணக்கில் சரியாகத் தெரியும். ஆனால் பேரம் பேசத் தெரியாத நல்ல வாடிக்கையாளர்தான் அங்கே 7,500 கொடுப்பார். வாயடிப்பவருக்கு 6,000. இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 7,500ஐப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிடுபவர்கள் எத்தனை பேர் என்பதும் நமக்குத் தெரியவே தெரியாது.

## வழி 3: விலையைப் பிரித்துக் காட்டி விளக்குவது

நூல் இவ்வளவு, மணி இவ்வளவு, கூலி இவ்வளவு, தையல் இவ்வளவு. நியாயமான ஆளுக்கு இதைப் பார்த்தால் புரியும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. ஒவ்வொரு வரியும் தனித் தனிப் பேரமாக மாறும். "தையல் எங்க டெய்லர் 500க்குத் தைப்பார்", "மணி நானே பாரிமுனைல வாங்கித் தந்துடறேன்."

சாமான் அவர் வாங்கித் தருவது லாபமாகத் தெரியும், வேலையில் இறங்கினால்தான் தெரியும் தொல்லை. மணியின் துளை ஆரி ஊசி நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். துளை சின்னதாக இருந்தால் ஊசி முனை உடையும், இல்லை மணி விரியும். பாதியில் நிறம் தீர்ந்துபோனால் அதே சாயலில் இன்னொரு பாக்கெட் கிடைக்காது. அந்த அலைச்சலுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

ஆகவே ரூபாயைப் பிரிக்காதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். "28 மணி நேரம்" என்பது ஒரு எண்தான், அதில் பேரம் பேச இடமில்லை. வழி 1இன் செய்தியில் அந்த ஒரு வரி இருப்பது அதற்காகத்தான்.

விளக்கம் உண்மையிலேயே உதவும் சந்தர்ப்பம், அவர் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி விலையோடு ஒப்பிடும்போது. "கடையில இதே டிசைன் 2,500 போர்டு போட்டிருக்கு" என்றால் பெரும்பாலும் அது மெஷின் வேலை. சண்டை வேண்டாம், இப்படிக் கேளுங்கள்:

> அது மெஷின் எம்பிராய்டரியா இருக்கலாம்க்கா. அதோட உள்பக்கம் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. உள்ளே ஒட்டுத்தாள் இருந்தா மெஷின் வேலை. அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா விலை வேற. நம்ம வேலையோட உள்பக்கம் இதோ அனுப்பியிருக்கேன்.

மெஷின் வேலையை மட்டம் தட்டாமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அவருக்கு அதுவே போதும் என்றால் போகட்டும், கைவேலை வேண்டும் என்னும்போது திரும்பி வருவார்.

## வழி 4: அதே வேலைக்கு விலையைக் குறைக்காமல், வேலையைக் குறைத்துத் தருவது

பெரிய தள்ளுபடி கேட்பவருக்குப் பெரும்பாலும் பொருந்தும் பதில் இதுதான். ஆனால் இதை அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது:

> அக்கா, இந்த டிசைனேதான் வேணுமா, இல்ல 3,500க்குள்ள நல்லதா ஒண்ணு இருந்தா போதுமா?

"இதேதான் வேணும்" என்றால் அவர் பேரத்துக்குக் கேட்கிறார், கையில் பணம் இருக்கிறது. வழி 1 அல்லது வழி 5க்குப் போகலாம். "பட்ஜெட் அவ்வளவுதான்" என்றால் பணத்தட்டுப்பாடு உண்மை. அவருக்கு எவ்வளவு விளக்கினாலும் 6,000 வராது, வேறு டிசைன்தான் வழி.

எதைக் குறைப்பது என்பதில்தான் தொழில் தெரிந்தவரின் கை தெரியும். ஆரியில் நேரத்தைச் சாப்பிடுவது புட்டாவும், பூ இதழை நிரப்பும் லோடு வேலையும். ஓரத்தில் ஓடும் நேர் வரிசைகள் சீக்கிரம் முடியும். அதோடு யார் உடுத்தப் போகிறார் என்றும் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு ஜடை அலங்காரமும் மாலையும் பின்கழுத்தை மறைத்துவிடும், போட்டோவில் விழுவது கை. அவருக்குக் கை வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்கழுத்தைக் குறைக்கலாம். நம் வாடிக்கையாளர் நாத்தனார். தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் குனிந்து முடிச்சுப் போடுவார், கேமரா அவர் முதுகையும் பிடிக்கும். எனவே அவருக்குப் பின்கழுத்து முழுசாக நிற்கட்டும், கைப் புட்டாவை எடுத்துவிடலாம். முன்கழுத்தின் இடப்பக்கத்தை முந்தானை எப்படியும் மூடிவிடும்.

கையில் புட்டா இல்லாமல் 3 அங்குல பார்டர் மட்டும் என்றால் கை ஒன்றுக்கு 4 மணி நேரம் மிச்சம். முன்கழுத்து ஒரே வரிசை என்றால் இன்னும் 2 மணி. ஆக 10 மணி நேரம், 900 ரூபாய் கூலி. சாமானில் 200. செலவு 4,250லிருந்து 3,150க்கு இறங்குகிறது. 4,800க்குக் கொடுத்தால் 1,650 நிற்கும். முழு வேலைக்கு நிற்கும் 1,750ஐவிட நூறுதான் குறைவு, 10 மணி நேரம் வேறு ஆர்டருக்குக் கிடைக்கிறது.

அவர் கேட்ட 3,500க்கும் ஒன்று செய்யலாம். பின்கழுத்தில் சின்ன டிசைன் 6 மணி, கை ஓரத்தில் இரண்டு வரிசை, இரண்டு கைக்கும் 4 மணி. கூலி 900, சாமான் 350, அச்சு 100, தையல் 700, கூரியர் 130. செலவு 2,180, மிச்சம் 1,320.

> அக்கா, அதே டிசைனை 3,500க்கு எடுத்தா வேலையில கை வைக்க வேண்டி வரும், அது நல்லா இருக்காது. உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு மாதிரி சொல்றேன்.
>
> 4,800: பின்கழுத்து நீங்க அனுப்பின மாதிரியே. கையில 3 இன்ச் பார்டர், மேல புட்டா இல்ல. முன்கழுத்துல ஒரு வரிசை.
>
> 3,500: பின்கழுத்துல சின்ன டிசைன், கை ஓரத்துல ரெண்டு வரிசை. முன்கழுத்து வேலை இல்ல.
>
> எதுலயும் நூல், மணி, லைனிங், தையல் எல்லாம் ஒரே தரம்தான். எது உங்களுக்கு சரியா வரும்னு சொல்லுங்க, அதே மாதிரி முன்னாடி பண்ணின பிளவுஸ் போட்டோ அனுப்புறேன்.

4,800ஐ முதலில் எழுதியிருப்பது தற்செயல் அல்ல. 3,500ஐ முதலில் எழுதினால் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இந்த வழியில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, இலவசமாக ஸ்கெட்ச் போட்டு அனுப்புவது. அவர் அதை வேறு கடைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். முன்பணம் வரும்வரை பழைய வேலையின் போட்டோ போதும், ஸ்கெட்ச் பிறகுதான். இரண்டாவது, 3,500க்கு ஒத்துக்கொண்ட பிறகு "கையில நாலே நாலு புட்டா மட்டும் போட்டுடுங்களேன்" என்று வரும். அதற்குச் சண்டை வேண்டாம், கூடுதல் வேலைக்கு முன்னாலேயே விலை வைத்துவிடுங்கள்: "புட்டா ஒண்ணு 60க்கா, எத்தனை வேணும்னு சொல்லுங்க." நாலு புட்டா இரண்டாகிவிடும், இல்லையென்றால் 240 ரூபாய் வரும். இரண்டும் நல்லதுதான்.

தையலையும் லைனிங்கையும் எந்த விலையிலும் தொடாதீர்கள். லைனிங் இல்லாத ஆரி பிளவுஸில் உள்பக்க முடிச்சுகள் தோலில் உறுத்தும், மணியின் கனத்தில் கழுத்து தொங்கும்.

## வழி 5: விலை அப்படியே, வேறொன்று சேர்த்து அல்லது நிபந்தனையோடு

"இதேதான் வேணும், ஆனா கொஞ்சமாவது குறைங்க" என்பவருக்கு இது. அவருக்குத் தேவை ஜெயித்த உணர்வு. நமக்குக் குறைந்த செலவில், அவர் எப்படியும் வெளியே காசு கொடுத்துச் செய்யப் போகும் ஒன்றைச் சேர்த்துத் தரலாம். அந்தப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பது, அல்லது பின்கழுத்துக் கயிற்றுக்குக் குஞ்சம். நமக்கு நூறு ரூபாய்க்குள் முடியும்.

> அக்கா, விலை 6,000ல மாத்தம் இல்ல. உங்களுக்காக அந்தப் புடவைக்கு ஃபால்ஸும் ஓரமும் நானே போட்டுத் தந்துடறேன், அதுக்குத் தனியா காசு வேண்டாம்.

உடனே "ஃபால்ஸ் வேண்டாம், அந்தக் காசைக் கழிச்சுக்கோங்க" என்பவர்களும் உண்டு. "அது விலையில சேராதுக்கா, உங்களுக்கு நான் கூடச் செய்யறது" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புடவைக் குச்சு மட்டும் இலவசமாகச் சொல்லிவிடாதீர்கள். பட்டு நூலில் நெருக்கமாக முடிச்சுப் போட்டு எடுக்கவே மணிக்கணக்கில் ஆகும்.

நிபந்தனையோடு குறைப்பது இதன் இன்னொரு முகம். அவர் ஏதாவது கொடுத்தால் நாமும் கொடுப்பது. முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் சேர்த்து இரண்டு பிளவுஸ் என்றால், இரண்டாவதில் 600 குறைக்கலாம். கூரியர் ஒன்றுதான் என்பதால் இரண்டிலும் சேர்த்து 3,030 நிற்கும். கல்யாணம் ஆவணியில்தான், துணி இப்போதே கையில் இருக்கிறது என்றால், ஆடியில் வேலையை எடுத்துக்கொள்ளும் நிபந்தனையில் 5,500க்கு இறங்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வேலைக்காரர் கை சும்மா இருக்கும், அவர்களுக்கும் அது உதவி.

> அக்கா, ஆடி மாசம் வேலை எடுத்து ஆவணி பொறக்கறதுக்குள்ள தர்றதா இருந்தா 5,500க்குப் பண்ணலாம். அதுக்கு முன்பணம் 3,500 இந்த வாரமே வரணும். ஆவணிலதான் ஆரம்பிக்கணும்னா 6,000.

ஏற்கக் கூடாத நிபந்தனைகளும் இருக்கின்றன. "இன்னும் பத்துப் பேரை அனுப்புறேன்", "ஸ்டேட்டஸ்ல போடுறேன்." இவை நாளைய வாக்குறுதி, தள்ளுபடியோ இன்றைக்கு. "அனுப்புங்கக்கா, அவங்க ஆர்டர் வந்ததும் உங்க அடுத்த பிளவுஸ்ல 500 குறைச்சுக்கறேன்" என்று திருப்பிவிட்டால் போதும்.

## ஒரே பார்வையில்

| பதில் | கையில் நிற்பது | பேச்சு தொடருமா | விலையின் மதிப்பு | எப்போது |
|---|---|---|---|---|
| 1. விலை இதுதான் | 1,750 | பாதிக்குப் பாதி | அப்படியே நிற்கும் | கல்யாண சீசன், ஆர்டர் நிரம்பிய நேரம் |
| 2. கேட்டதைத் தருவது (3,500) | 750 நஷ்டம் | உடனே முடியும் | போய்விடும் | ரெடிமேட் சாம்பிளுக்கு மட்டும் |
| 2. நடுவில் சந்திப்பது (4,750) | 500 | முடியும் | பாதி போகும் | தவிர்ப்பது நல்லது |
| 3. விலையைப் பிரிப்பது | பேரத்தைப் பொறுத்தது | நீளும் | ஆட்டம் காணும் | மெஷின் வேலையோடு ஒப்பிடும்போது, ரூபாய் சொல்லாமல் |
| 4. வேலையைக் குறைப்பது | 1,650 / 1,320 | நன்றாகத் தொடரும் | நிற்கும் | பட்ஜெட் உண்மையிலேயே குறைவு |
| 5. சேர்த்துத் தருவது, நிபந்தனை | ஏறக்குறைய 1,650 / ஆடியில் 1,250 | தொடரும் | நிற்கும் | அதே டிசைன் வேண்டும், பேரம் பழக்கம் |

## வேலை முடிந்த பிறகு குறைக்கச் சொன்னால்

மேலே சொன்னதெல்லாம் ஆர்டர் உறுதியாகும் முன். பிளவுஸ் தயாரான பிறகு "மீதி 3,000ல 1,500 குறைச்சுக்கோங்க" என்று வந்தால் நிலைமையே வேறு. அவர் துணி, அவர் அளவு, வேறு யாருக்கும் விற்க முடியாது என்று அவருக்கும் தெரியும். அதேசமயம் கல்யாணத்துக்கு வேறு பிளவுஸ் தைக்க நாள் இல்லை என்று நமக்கும் தெரியும். இங்கே வழி 4ம் 5ம் பொருந்தாது. பேசிய விலையும் முன்பணம் வந்த செய்தியும் இருக்கும் இடத்தைக் காட்டிப் பதில் போடுங்கள்:

> அக்கா, பிளவுஸ் ரெடி, வீடியோ அனுப்பியிருக்கேன். 12ஆம் தேதி பேசின மாதிரி மீதி 3,000. வந்ததும் அன்னிக்கே கூரியர் போட்டு ரசீது அனுப்பிடறேன். வேலையில ஏதாவது மாத்தணும்னா வீடியோ பாத்துட்டு இப்பவே சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்.

கடைசி வாக்கியம் முக்கியம். பணத்தைப் பற்றிய பேச்சை வேலையைப் பற்றிய பேச்சாக மாற்றுகிறது. உண்மையிலேயே குறை இருந்தால் சரி செய்யலாம், இல்லாவிட்டால் குறைக்கக் காரணம் இருக்காது. இந்தப் பதில் எடுபட, விலையும் வேலை விவரமும் முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ஸ் மெசேஜில் மட்டும் பேசிய விலையைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அன்பாகப் பேச வாய்ஸ், விலைக்கு எழுத்து. முன்பணமும் செலவில் பாதிக்கு மேல் இருக்கட்டும். நம் கணக்கில் 4,250 செலவுக்கு 3,000 வாங்கியிருந்தால், பேச்சு எப்படிப் போனாலும் கூலியும் சாமானும் பெரும்பாலும் வந்துவிடும்.

## பதிலே வராவிட்டால்

எந்த வழியில் எழுதினாலும் சிலர் இரண்டு நீல டிக்கோடு நின்றுவிடுவார்கள். உடனே "சரிக்கா, கடைசியா 5,500" என்று இறங்காதீர்கள், அவர் ஒன்றும் கேட்காமலேயே 500 போய்விடும். மூன்றாம் நாள் ஒரே ஒரு செய்தி:

> அக்கா, உங்க தேதிக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன். ஞாயிறு வரைக்கும் வெச்சிருப்பேன், வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வேற ஆர்டர் எடுத்துக்கறேன்.

ஞாயிறு என்று சொன்னால் ஞாயிறுதான். திங்கட்கிழமை காலையில் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை அவர் திரும்பி வந்தால் விலை அதேதான், தேதி மட்டும் அடுத்து காலியாக இருப்பது.